டம்ளர் அடியில் தங்கும் மணல்

ஐயா, நான் திருமங்கலம். ஜிம்மில் தசை வலுவுக்காக ஒரு வருடமாக கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பொடி எடுக்கிறேன். எவ்வளவு கலக்கினாலும் டம்ளர் அடியில் மணல் மாதிரி தங்குகிறது. அதே கிரியேட்டினில் ஹைட்ரோகுளோரைடு வகை நன்றாகக் கரையும், 1 கிராம் போதும் என்கிறார் மாஸ்டர். பஃபர்டு, எத்தில் எஸ்டர் என்று வேறு வகைகளும் விற்கிறார்கள். விலை பல மடங்கு. மாறலாமா? முடி கொட்டுமா?

அன்புள்ள தம்பி,

முடியை விடுங்கள், அதற்கு உங்கள் அப்பா தலையைப் பார்த்தால் போதும்.

மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை. ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் பிரமாதமாகக் கரையும். ஆனால் டம்ளரில் கரைவது வேறு, குடலில் உறிஞ்சப்படுவது வேறு. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் மோனோஹைட்ரேட் சுமார் 14 கிராம்தான் கரையும். ஆகவே கால் லிட்டர் டம்ளரில் 5 கிராம் போட்டால் ஒன்றரை கிராம் அடியில் நிற்கும். நம்ம ஊர் வெயிலில் கொஞ்சம் குறையலாம். அந்த மணலும் வயிற்றுக்குள் போய்க் கரைந்து, ஏறத்தாழ முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். சேரும் பொருளை இன்னும் நன்றாகச் சேர்க்கிறேன் என்று காசு கேட்டால் எதற்குக் கொடுப்பது? 1 கிராம் ஹைட்ரோகுளோரைடில் கிரியேட்டின் 0.78 கிராம்தான். உங்கள் 5 கிராமில் கிட்டத்தட்ட 4.4 இருக்கிறது. கணக்கு கூடவா போட மாட்டீர்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது எஸ்டர்தான். செல்லூரில் என் சித்தப்பா பேரன் அதை வாங்கி விழுங்கினான். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு 1.8 என்று வந்தது. கிட்னி போச்சென்று சித்தி அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. டாக்டர் டப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்துப் பார்த்தால் அளவு சாதாரணம்.

காரணம் இதுதான். கிரியேட்டின் மூலக்கூறின் அமில முனையில் எத்தில் கூட்டை ஒட்டினால் அது தசைக்குள் சுலபமாக நுழையும் என்பது விற்பவர் வாதம். ஆனால் அந்த ஒட்டு, மூலக்கூறு தன்னைத்தானே வளைத்து மூடிக்கொண்டு அந்தக் கிரியேட்டினின் கழிவாவதை எளிதாக்கிவிடுகிறது. ரத்தத்தின் சாதாரண காரத்தன்மையிலேயே இது மளமளவென நடக்கும். கழிவுக்குக் காசு கொடுக்கிறீர்கள், அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. 2009இல் டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டார்கள்: எஸ்டர் குழுவின் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியது, வலிமையில் மோனோஹைட்ரேட்டை விடக் கூடுதல் பலன் இல்லை.

பஃபர்டு என்பது காரம் சேர்த்த கிரியேட்டின்; வயிற்று அமிலம் கிரியேட்டினைக் கெடுக்கும் என்ற பயத்தில் விற்கிறது. கடுமையான அமிலத்தில் இந்த வளைவு உண்மையில் மெதுவாகத்தான் நடக்கும். 2012இல் பஃபர்டு, மோனோஹைட்ரேட் இரண்டையும் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசமே தெரியவில்லை. வயிற்றை விட லேசான அமிலமான எலுமிச்சை ஜூஸில் கலக்கி இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுக் குடித்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

மோனோஹைட்ரேட்டும் கிரியேட்டினின் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம். ரத்தம் கொடுக்கும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். தினம் 3 முதல் 5 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில். அடியில் தங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் குடியுங்கள், தம்பி, அவ்வளவுதான்.