இருபக்கத் தனியுரிமையில் பேர எல்லை
கேள்வி: ஒரே விற்பவரும் ஒரே வாங்குபவரும் இருந்தால் விலையும் அளவும் எங்கே நிற்கும்?

அளவு பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும், விலைதான் அலையும். கிராண்ட்பாஸில் உள்ள ஒரு பட்டறை, கொழும்பிலுள்ள ஒரேயொரு ஆலைக்கு மட்டுமே பொருந்தும் அச்சுகளைச் செய்கிறது என்று கற்பனை செய்வோம். அளவு தொடர்ச்சியாக மாறுவதாகக் கொண்டால், q ஆவது அச்சு ஆலைக்குத் தரும் பெறுமதி 100 − q, பட்டறைக்கு ஆகும் செலவு 10 + q (ஆயிரம் ரூபாவில்). இரண்டும் சமமாகும் 45 அச்சுகளில் கூட்டு ஆதாயம் 2025 ஆக உச்சமடைகிறது.

அந்த 45 அச்சுகளின் மொத்தச் செலவு 1462.5, மொத்தப் பெறுமதி 3487.5 என்பதால், நிலையான செலவையும் வேறு வழிகளையும் ஒதுக்கிவிட்டால், சராசரி விலை 32.5 இலிருந்து 77.5 வரை எங்கும் அமையலாம். எங்கே என்பதைப் பொறுமையும் பேரத் திறனுமே தீர்மானிக்கின்றன, கேள்வி நிரம்பல் வளைகோடுகள் அல்ல.

பலர் தவறுவது இங்கேதான். விலையை மட்டும் பேசி அளவை மறுதரப்பிடம் விட்டால், வலுவான பட்டறை 70 என்றும் வலுவான ஆலை 40 என்றும் விலை குறிக்கும். இரண்டிலும் அளவு 30 ஆகச் சுருங்கி, கூட்டு ஆதாயம் 1800 ஆகும். ஆகவே ஒப்பந்தத்தில் அளவையும் சேர்த்தே எழுத வேண்டும்.