நாலு மணிக்குப் பிழிந்த பால்

"களுவாஞ்சிக்குடியில் புது வீடு குடிபுகுந்தோம். 60 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு. விறகடுப்பு இரண்டு, கேஸ் அடுப்பு ஒன்று. மாமி விடிய நாலு மணிக்கே எழும்பித் தேங்காய் திருவி, பால் எல்லாம் பிழிந்து வைத்துவிட்டா. மச்சாள்மார் பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்படியிருந்தும் 12.30 பந்தியில் கறிகள் ஆறிப்போய், சொதியும் திரைந்துவிட்டது. அடுத்த மாதம் மகளின் சாமத்திய வீடு. எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது?"

மகள், அடுப்பைப் பிறகு பார்ப்போம். விடிய நாலு மணிக்கு மாமி ஏன் தனியே திருவலையில் இருந்தா? உங்கள் சொதி திரைந்ததும் அங்கேதான்.

நம்முடைய வெக்கையில், அதுவும் அடுப்படியில், எட்டு மணித்தியாலம் இருந்த தேங்காய்ப்பால் புளிக்கத் தொடங்கிவிடும். சட்டியில் பார்த்தால் வெள்ளையாக நன்றாகத்தான் இருக்கும். சூடு பட்டதும் குருணை குருணையாகப் பிரியும். சந்தேகம் என்றால் ஒரு கரண்டிப் பாலைச் சின்னத் தாச்சியில் காய்ச்சிப் பாருங்கள். குருணை தட்டினால் கறிக்குள் ஊற்றாதீர்கள்.

முதல் நாள் இரவு தேங்காயை உரித்து மட்டும் வையுங்கள். உடைப்பதும் திருவுவதும் காலை 9.30க்கு. முதற்பாலையும் இரண்டாம் பாலையும் வேறு வேறாக எடுங்கள். மச்சாள்மார் அந்த நேரத்துக்கு ஆளுக்கொரு திருவலையோடு வரவேண்டும். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் பதினொரு மணிக்கு வந்து கதிரையில் இருப்பவர்கள் விருந்தாளிகள், சகோதரிகள் இல்லை. அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம் என்றால் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். அது அவருடைய கடமை.

சரி, இனி அடுப்பு. 12.30 இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சோற்றுக்குப் பெரிய விறகடுப்பு. 8 கிலோ அரிசிக்கான தண்ணீர் கொதிக்கவே முக்கால் மணித்தியாலம் போகும், அதனால் 10.40க்கு உலை வையுங்கள். 12 மணிக்குள் வடித்து, மேலே துணி போட்டு மூடினால், அவ்வளவு சோறும் ஒன்றாக இருப்பதால் இரண்டாம் பந்திவரை சூடு நிற்கும். மற்ற விறகடுப்பில் பருப்பை அவித்து இறக்குங்கள், பிறகு கத்தரிக்காயை வதக்கி இரண்டாம் பாலில் வேகவிடுங்கள். இரண்டையும் முதற்பால் விடாமல் அப்படியே நிறுத்துங்கள். கேஸில் பாயாசம் 11 மணிக்கே முடியலாம். அது கெட்டி, லேசில் ஆறாது.

முதற்பால் 12 மணிக்குத்தான். பருப்பையும் கத்தரிக்காயையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சூடாக்கி, பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். சொதி 12.15க்குக் கேஸில். கரண்டியை எடுக்காமல் துழாவி, பொங்கி வரும்போதே இறக்கி, அதற்குப் பிறகுதான் தேசிக்காய்ப்புளி விடவேண்டும். புதுப் பாலும் அடுப்பில் வைத்துப் புளி விட்டால் திரையும். உங்கள் கறிகள் ஆறியதற்குக் காரணம், எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவைத்ததுதான்.

அப்பளம் கடைசி. பந்திக்கு இலை போடும்போது மச்சாள்மார் பொரிக்கட்டும். மாமியைக் கைகழுவச் சொல்லி முதற் பந்தியில் இருத்துங்கள்.