அறை விலையில் ஒரு பூச்சியம் குறைந்துபோனால்

நிலாவெளி ஹோட்டலில் முன்பதிவுப் பிரிவில் இருக்கிறேன், அக்கா. ஓகஸ்ட் அறை விலையை 45,000க்குப் பதில் 4,500 என்று ஏற்றிவிட்டேன். ஆறு இரவுகள் பதிவாகிவிட்டன. மனேஜரிடம் எப்படிப் போவது?

முதலில் அந்தத் திகதிகளின் விற்பனையை மூடுங்கள், தங்கச்சி. விலையைத் திருத்தினால் மட்டும் போதாது. திருத்தம் எல்லா இணைய முன்பதிவுத் தளங்களுக்கும் போய்ச்சேர முன்னரே ஏழாவது பதிவு வந்துவிடலாம். பிறகு ஒவ்வொரு பதிவும் எந்தத் தளத்தில், எத்தனை மணிக்கு வந்தது, காசு கட்டியாயிற்றா என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் இரவுக்கு 40,500 வித்தியாசம், ஆறுக்கும் 243,000.

அந்தத் தாளோடு போய்ச் சொல்லுங்கள்: "சேர், ஓகஸ்ட் விலையை நான் பிழையாக ஏற்றிவிட்டேன். ஆறு இரவு போய்விட்டது. கூடினால் 243,000 நட்டம். விற்பனையை மூடிவிட்டேன். விருந்தினருக்கு இன்னும் எழுதவில்லை." அதோடு நிறுத்துங்கள். அவர் சத்தம் போடலாம், போடட்டும். நீங்களாக யாருடைய பதிவையும் ரத்துச் செய்யாதீர்கள். தளத்திடம் விலைப்பிழை என்று முறையிடுவதா, அதே விலைக்கே அறையைக் கொடுப்பதா என்பது அவர் எடுக்கவேண்டிய முடிவு.

முழு நட்டமும் தெரிந்தபிறகு ஒரேயடியாகச் சொல்வதுதானே நல்லது?

கணக்கோடு போகவேண்டும் என்பது சரி. ஆனால் தளத்தின் பதிலுக்கு நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம். இடையில் கணக்குப் பிரிவு கண்டுபிடித்தால், பிழையை விட்டுவிட்டு ஏன் மறைத்தாய் என்றுதான் கேட்பார்கள். "இதுவரை தெரிந்தது இவ்வளவு" என்று அன்றைக்கே சொல்லுங்கள்.

நான் மீன் குளிரறையில் வேலை. கதவு சரியாகப் பூட்டாமல் மீன் பழுதாகிவிட்டது. சம்பளத்தில் பிடிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். முதலாளி கோபிக்காமல் எப்படிக் கதைப்பது?

தம்பி, கோபத்தைவிட அந்தக் கையெழுத்துத்தான் பெரிய விஷயம். நடந்ததை ஒப்புக்கொள்ளலாம். அதற்காக முழுத் தொகையையும் உங்கள் கடனாக ஏற்கவேண்டியதில்லை. "வாசித்துப் பார்க்க ஒரு பிரதி தாருங்கள், ஐயா" என்று கேளுங்கள். தொகை எப்படி வந்தது, கதவு ரப்பர் நல்லபடி இருந்ததா, அலாரம் அடித்ததா என்று குறித்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்தில் காட்டுங்கள். அதுவரை கையெழுத்து வைக்காதீர்கள்.

நிலாவெளியில் இருந்து கேட்டவள்தான். சேரிடம் சொல்லிவிட்டேன், அவர் ஏசவில்லை. ஆனாலும் நித்திரை வருவதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றுதான் ஓடுகிறது.

லாயக்கா இல்லையா என்று இரவு இரண்டு மணிக்கு யாராலும் தீர்க்க முடியாது. பூச்சியம் எப்படி விடுபட்டது என்று கேட்டால் விடை கிடைக்கும். ரிசப்ஷனில் ஆட்கள் நிற்க, இடையில் ஏற்றினீர்களா? வேறு யாராவது பார்த்தார்களா? பல மென்பொருள்களில் மிகக்குறைந்த விலைக்கு வரம்பு போடலாம். 30,000 என்று போட்டிருந்தால் 4,500 உள்ளே போயிருக்காது. அதை எழுதிக்கொண்டுபோய் சேரிடம் கேளுங்கள்.

திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பதையும், பழைய பதிவுகளைத் துருவுவதையும் விடுங்கள். கொஞ்சநேரம் ஆறுதலாக இருக்கும், பிறகு பயம் கூடும். இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரை இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்தக் கணமே மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள்.

அந்த ஆறு இரவுகளுக்கும் தளம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுங்கள், தங்கச்சி.