ஆப்பில் ஸ்மார்ட் பிளக் சேராததற்கு மூன்று காரணங்கள்

"கீசருக்காக 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். ஆப்பில் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுகிறது. கடவுச்சொல் சரிதான், போனில் நெட்டும் வேகமாக வருகிறது. பிளக்தான் பழுதா?"

பெரும்பாலும் பிளக்கில் பழுது இருக்காது. இவ்வகைப் பிளக்குகளிலும் பல்புகளிலும் உள்ள மலிவான வைஃபை சிப், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். உங்கள் போனோ, வேகம் அதிகம் என்பதால் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கக்கூடும். இரண்டு அலைவரிசைக்கும் ரூட்டரில் ஒரே பெயர் இருந்தால், போன் எதில் இருக்கிறது என்பது வெளியில் தெரியாது. ஆப் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் காற்றில் அனுப்பும் நேரத்தில், பிளக் அதைக் கேட்காமலே காத்திருக்கும். ரூட்டர் அமைப்புக்குள் சென்று 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு முயலுங்கள்; பிளக் சேர்ந்த பிறகு மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். பாதுகாப்பு முறை WPA3 என்று மட்டும் இருந்தால், அதை WPA2 ஆக மாற்றுவதும் அவசியம்.

என் வீட்டில் இதைச் செய்தும் பிளக் சேரவில்லை. இத்தகைய கருவிகளுக்குத் தனி வலையமைப்பு இருக்கட்டும் என்று ரூட்டரின் கெஸ்ட் வைஃபையை இயக்கி, போனையும் அதிலேயே வைத்திருந்தேன். கெஸ்ட் வைஃபை, தன்னில் இணைந்த கருவிகள் இணையத்தை அடைய விடும். ஆனால் பல ரூட்டர்களில் அவை ஒன்றையொன்று பார்க்க விடாது. பிளக்கின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது, ரூட்டரின் கருவிப் பட்டியலில் ESP_ என்று தொடங்கும் பெயரும் தோன்றியது, ஆப் மட்டும் தேடிக்கொண்டே இருந்தது. பிளக் வலையமைப்புக்குள் வந்துவிட்டது, போனால்தான் அதைக் காண முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. மாறாக, விளக்கு இறுதிவரை வேகமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்து, பட்டியலிலும் புதிய பெயர் வராவிட்டால், கடவுச்சொல் பிளக்கைச் சென்றடையவில்லை அல்லது அதனால் ரூட்டருடன் இணைய முடியவில்லை என்று கொள்ளலாம். நான் முதன்மை வைஃபைக்கு மாறி, பிளக்கின் பொத்தானை 5 விநாடி அழுத்தி மீட்டமைத்ததும் ஒரே முயற்சியில் சேர்ந்துவிட்டது.

கீசர் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். குளியலறை ரூட்டரிலிருந்து இரண்டு, மூன்று சுவர்கள் தள்ளி இருக்கும், பிளக்கின் ஆன்டெனாவும் மிகச் சிறியது. பிளக் இருக்கும் இடத்தில் போனை வைத்து, வைஃபை அளக்கும் ஆப் ஒன்றில் 2.4 கிகாஹெர்ட்ஸின் சிக்னலைப் பாருங்கள். -65 dBm அளவில் இருந்தால் நல்லது. -80ஐ நெருங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். சேர்க்கும் வேலையை ரூட்டருக்கு அருகில் செய்வது எளிது, ஆனால் 16 ஆம்பியர் பிளக் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது; ஏசியின் சாக்கெட்டில் செருகிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு குளியலறைக்கு எடுத்துச் சென்றதும் ஆப்பில் "ஆஃப்லைன்" என்று வந்தால், அப்போது ரூட்டரைத்தான் இடம் மாற்ற வேண்டும்.