வாசலை அடைத்தால் நிற்காது, கூட்டத்தை நீங்களே பிரியுங்கள்

“ஐயா, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஆறு தேன்பெட்டி வைத்திருந்தேன். எட்டு நாளைக்கு முன்பு இரண்டாம் பெட்டியில் பாதிக்கு மேல் ஈ கிளம்பிப் பலா மரத்தில் தொங்கி, மறுநாள் போய்விட்டது. வாராவாரம் ராணி அறைகளைக் கிள்ளிக்கொண்டுதான் வந்தேன். கூட்டம் போன அன்று மிச்சம் இருந்த நாலு அறையையும் கிள்ளிவிட்டேன். இப்போது நாலாம் பெட்டியிலும் அறை கட்டுகிறது. வாசலில் ராணி கேட் மாட்டினால் நிற்குமா? போன ஆகஸ்டில் ஐந்தாம் பெட்டி ஒரு ஈ மிச்சமில்லாமல் காலியானது. கேட் இருந்திருந்தால் அது தப்பியிருக்குமா?”

முதலில் இரண்டாம் பெட்டியைப் போய்த் திறங்கள். நாலாம் பெட்டிக்கு இன்னும் இரண்டொரு நாள் இருக்கிறது, இரண்டாம் பெட்டிக்கு இல்லை. பிரிந்து போனது பழைய ராணி. பின்னால் தங்கும் ஈக்களுக்கு அந்த நாலு அறைகளில் இருந்துதான் புது ராணி வர வேண்டும், அவற்றை நீங்கள் கிள்ளிவிட்டீர்கள். அடையின் நடுப்பகுதியில், சாதாரணப் புழு அறையை நீட்டிக் கட்டியது போல ஒன்றிரண்டு ராணி அறை தெரிகிறதா என்று பாருங்கள். அன்றைக்கு இருந்த இளம் புழுவிலிருந்து ஈக்கள் அவசரத்துக்கு ராணி வளர்த்திருந்தால் அறை அங்கேதான் இருக்கும். இருந்தால் தொடாமல் மூடிவிடுங்கள். இல்லையென்றால் ஒன்றாம் பெட்டியிலிருந்து முட்டையும் மிகச் சின்னப் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, அதன் ராணி ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்றே இதற்குள் வையுங்கள். எட்டு நாளுக்குப் பிறகு அந்தப் பெட்டியில் ராணியாக வளர்க்கத்தக்க இளம் புழு ஒன்றுகூட இருக்காது. நம் இந்தியத் தேனீயில் ராணி இல்லாவிட்டால் பணித் தேனீக்களே சீக்கிரம் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை கிடந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் அந்தக் கூட்டத்தைத் திருத்துவது மிகக் கடினம்.

வாராவாரம் கிள்ளியும் ஏன் போனது? ராணி அறையில் முட்டை மூன்று நாள், புழு ஐந்து நாள், அப்புறம் மூடி போடும். கணக்குப்படி எட்டு நாள் கிடைக்க வேண்டும். ஆனால் நீங்கள் கிள்ளிய அன்றே ஒரு நாள் வயதுப் புழுவை எடுத்து வளர்த்தால் நான்கே நாளில் மூடிவிடும். அதோடு, அடையின் கீழ் ஓரத்தில் ஈக்கள் கொத்தாகத் தொங்கும் இடத்தில் ஓர் அறை கண்ணில் படாமல் போவது சாதாரணம். ஒன்று மூடினாலே போதும், வெயில் நன்றாக அடிக்கும் அடுத்த முற்பகலில் கூட்டம் கிளம்பிவிடும்.

ராணி கேட் விஷயத்துக்கு வருகிறேன். பணித் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குத்தான் அதில் துளை இருக்கும், மாட்டினால் பழைய ராணி வெளியே போக முடியாது. கிளம்பிய ஈக்கள் ராணி இல்லாமல் திரும்பி வந்துவிடும். ஆனால் ஒரு வாரத்தில் உள்ளே புது ராணி பிறக்கும். இரண்டில் ஒன்று சாகும். மிஞ்சுவது புது ராணி என்றால் கேட் அதையும் விடாது, புணர்ச்சிக்குப் பறக்க வழியில்லை. பறக்காத ராணி இடுவதெல்லாம் ஆண் ஈ முட்டைதான். பெரிய உடம்புள்ள ஆண் ஈக்களும் கேட்டில் சிக்கி வாசலை அடைத்துக்கொள்ளும். பழைய ராணியோடு முதலில் பிரிந்த கூட்டத்தைப் பிடித்து வந்து பெட்டியில் குடியேற்றும்போது, அடை கட்டி முட்டை தெரியும் வரை நாலைந்து நாள் மாட்டலாம். அதற்கு மேல் அதில் பயனில்லை. பெட்டி வாங்கும் ஒவ்வொருவருக்கும் “இது இருந்தால் கூட்டம் போகாது” என்று சொல்லி கேட்டையும் சேர்த்து விற்கும் வியாபாரிகள் செய்வது தவறு. அவர்களில் பலர் தரும் கூட்டமே பிரிந்து வந்து தொங்கியதைப் பிடித்ததுதான். அப்படி முதலில் பிரிந்த கூட்டத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய ராணி. பழைய ராணியை வாங்கி வந்து அடுத்த பருவத்தில் அது பிரியாமல் இருக்க வேண்டும் என்றால் எப்படி?

நாலாம் பெட்டியை நாளைக் காலை பத்து, பதினொரு மணிக்கு, ஈக்கள் வயலுக்குப் போயிருக்கும்போது பிரியுங்கள். பழைய பெட்டியை ஓர் அடி இடப்பக்கம் நகர்த்தி, அதே உயரத்தில், அதே திசை பார்த்து, புதுப் பெட்டியை ஓர் அடி வலப்பக்கம் வையுங்கள். பழைய ராணியைத் தேடிப் பிடித்து, அது இருக்கும் அடையோடு புழு உள்ள இரண்டு சட்டமும் தேன் உள்ள ஒரு சட்டமும் ஈக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அந்தச் சட்டங்களில் ஒரு ராணி அறைகூட இருக்கக் கூடாது. பழைய பெட்டியில் நன்றாக நீண்ட, மூடிய ஓர் அறையை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்றை விட்டால் முதலில் பிறந்த ராணி இன்னொரு கூட்டத்தோடு கிளம்பிவிடும். அந்த அறை இருக்கும் சட்டத்தை உதறவோ கவிழ்க்கவோ வேண்டாம், ஈக்களை மென்மையாக ஊதி விலக்கிப் பாருங்கள்.

வயலிலிருந்து திரும்பும் ஈக்கள் இரண்டுக்கும் பிரிந்து போகும். ஒன்றில் அதிகம் குவிந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அப்புறம் தினம் மாலையில் அரை அடி விலக்கி, ஒரு வாரத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குள் புது ராணி பிறந்திருக்கும், வெளியே பறந்து திரும்பும்போது இடம் மாறியிருந்தால் பக்கத்துப் பெட்டிக்குள் போய்ச் செத்துவிடும். வாசலுக்கு மேல் வேறு நிறம் பூசுவது நல்லது. மூன்று வாரம் புது ராணி உள்ள பழைய பெட்டியைத் திறக்க வேண்டாம். 25 நாளாகியும் முட்டை இல்லையென்றால் நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்து ராணி உள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். ரப்பர் தேன் வரும் நேரத்தில் இப்படிப் பிரிப்பதால் இந்த ஆண்டு அந்தப் பெட்டியில் தேன் குறையும். ஆனால் கூட்டம் போய்விட்டால் ஈயும் இல்லை, தேனும் இல்லை.

நான் முப்பது ஆண்டாகச் சொல்லி வருவது ஒன்றுதான்: ஜனவரியில் அறை கிள்ளுவதைவிட, நவம்பர், டிசம்பரில் பெட்டியைப் பிரித்து, வருடத்துக்கொரு புது ராணியை ஏற்றுங்கள். வயதான ராணியும் நெருக்கடியும் சேர்ந்துதான் ஈக்களைக் கிளப்புகின்றன. நேரம் வந்துவிட்டதை அடிப்பலகையே சொல்லும். நடுவில் ஊசித் துளை உள்ள சின்ன மெழுகு மூடிகள் உதிர்ந்து கிடந்தால் ஆண் ஈக்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. புது ராணிக்குத் துணை வேண்டும், அதனால் அதற்கு முன் பிரிக்கக் கூடாது. அதன்பின் அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறையின் தொடக்கமான கிண்ணங்கள் கட்டும். வெறும் கிண்ணத்துக்குப் பயப்பட வேண்டாம், உள்ளே முட்டை இருந்தால்தான் கணக்கு. முட்டையிடுவது குறைந்து ராணியின் வயிறு சுருங்கியிருந்தால், வேலைக்குப் போகாமல் ஈக்கள் வாசலில் சும்மா கூடியிருந்தால், நாள் நெருங்கிவிட்டது. ராணி அறையின் நுனி மெழுகை ஈக்கள் சுரண்டி அது பழுப்பாகத் தெரிந்தால், பெரும்பாலும் முதல் கூட்டம் ஏற்கனவே போயிருக்கும்.

ஐந்தாம் பெட்டியின் கதை வேறு. அது பிரிந்து போகவில்லை, கூட்டத்தோடு ஓடிவிட்டது. ராணி அறை இருந்திருக்காது, அடையில் புழுவும் தேனும் இருந்திருக்காது. மழைக்காலத்தில் பூ இல்லை. கடைசித் தேனையும் நாம் எடுத்திருப்போம், அடையில் மெழுகுப் பூச்சி ஏறியிருக்கும். அங்கே கேட் மாட்டியிருந்தால் உள்ளேயே பட்டினி கிடந்து செத்திருக்கும். ஏப்ரலில் தேன் எடுக்கும்போது பெட்டியின் கீழ்ப்பகுதியில், புழு வளரும் அடைகளில் உள்ள தேனை விட்டுவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறை, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஈக்கள் மொய்க்காத கறுப்பு அடைகளை எடுத்துவிடுங்கள்.