ஐந்து புள்ளி மார்ஜின்

வணக்கம் சார். மனச்சோர்வுக்கு வீடியோ வழியாகத் தரும் சிகிச்சை, நேரில் தருவதற்குக் குறைந்ததல்ல என்று காட்ட ஓர் ஆய்வு திட்டமிடுகிறோம். அளவுகோல், மனச்சோர்வின் தீவிரத்தை மதிப்பெண்ணாகக் காட்டும் பிஹெச்கியூ-9 கேள்வித்தாள். அதில் ஐந்து புள்ளி மாறினால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பதால் மார்ஜினை, அதாவது வீடியோ எவ்வளவு பின்தங்கினாலும் பரவாயில்லை என்ற வரம்பை, ஐந்தாக வைத்தோம். குழுவுக்கு 23 பேர் போதும் என்று வருகிறது. சரிதானா?
- எஸ்.

அன்புள்ள எஸ்.,

சரியில்லை. 23 என்று வந்தபோதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

அந்த ஐந்து புள்ளி, ஒரு தனி நோயாளியிடம் ஏற்படும் மாற்றத்துக்கானது. நீங்கள் ஒப்பிடுவதோ இரண்டு குழுக்களின் சராசரியை. நேர்ச் சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிட சராசரியாக 4 புள்ளிதான் கூடுதல் பலன் தருகிறது என்று வையுங்கள். அப்போது எந்தக் கூடுதல் பலனும் தராத வீடியோ சிகிச்சைகூட உங்கள் மார்ஜினுக்குள் வந்து பாஸ் ஆகிவிடலாம்.

ஆகவே பழைய ஆய்வுகளிலிருந்து தொடங்குங்கள். அதே சிகிச்சையை, அதே தீவிரமுள்ள நோயாளிகளிடம், வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் சேருங்கள். காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிட்டவை பலனை ஊதிக் காட்டும், அவை வேண்டாம். தொகுத்ததில் பலன் 4, அதன் 95% நம்பிக்கை இடைவெளி 2.8 முதல் 5.2 என்று வந்தால் (உதாரணத்துக்குத்தான்), நாலை விட்டுவிட்டு 2.8ஐ எடுங்கள். அதில் பாதியையாவது காப்பாற்றுவது வழக்கம். அப்படியானால் மார்ஜின் 1.4. இது உச்சவரம்புதான். அலைச்சல் மிச்சம் என்பதற்காக எவ்வளவு பலனை விட்டுக்கொடுக்கலாம் என்று நோயாளிகளிடமும் மருத்துவர்களிடமும் கேளுங்கள். ஒன்று என்றால் ஒன்று. இரண்டு என்றாலும் 1.4தான்.

அப்புறம் ஆள் எண்ணிக்கை. திட்ட விலக்கம் 6, பவர் 80% என்றால் 1.4க்குக் குழுவுக்குச் சுமார் 290 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் 360க்கு மேல். கட்டுப்படியாகவில்லை என்று மார்ஜினை மட்டும் இழுக்காதீர்கள். தொடக்க மதிப்பெண்ணைப் பகுப்பாய்வில் சேர்த்தால், அதற்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் தொடர்பு 0.5 இருக்கும்போது கால்வாசிப் பேர் குறைவார்கள். அது நேர்மையான வழி. எதுவானாலும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

இந்த வகை ஆய்வில் ஒரு விபரீதம் உண்டு: வேலை அரைகுறையானால் வெற்றி எளிதாகிவிடும். நேர்ச் சிகிச்சைக்கு ஒதுக்கியவர் நடுவில் வீடியோவுக்கு மாறினால் இரண்டு குழுவும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஒதுக்கியபடி ஒரு பகுப்பாய்வு, சிகிச்சையை ஒழுங்காக முடித்தவர்களை வைத்து இன்னொன்று. இரண்டிலும் இடைவெளியின் மோசமான முனை 1.4க்குள் நிற்க வேண்டும். வீடியோ குழுவில் காணாமல் போனவர்களின் மதிப்பெண்ணை ஒவ்வொரு புள்ளியாக மோசமாக்கி, முடிவு எங்கே கவிழ்கிறது என்றும் பாருங்கள்.

நேர்ச் சிகிச்சைக் குழு எவ்வளவு தேறியது என்பதையும் பழைய ஆய்வுகளோடு ஒப்பிடுங்கள். அங்கே ஏழு புள்ளி இறங்கியிருக்க, உங்களிடம் இரண்டுதான் இறங்கியது என்றால், இரண்டு சிகிச்சையும் சமமாகத் தோற்றிருக்கின்றன. அதை வெற்றி என்று எழுதாதீர்கள்.