கெட்டிலும் நூறு சிமிட்டலும்: மீட்டர் சரியாக ஓடுகிறதா?

"சார், யீஷூனில் நாலறை வீடு எங்களுடையது. ரெண்டு மாதமாக பியூபி பில் ஏறிக்கொண்டே போகிறது. மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை வைத்துச் சோதிக்கலாம் என்றார் என் மச்சான். 1850-2200W என்று போட்ட கெட்டிலை வைத்துப் பார்த்தோம். மீட்டர் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. புகார் கொடுக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். மச்சான் 1850-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். 2200-ஐ எடுத்திருந்தால் இதே மீட்டர் ஏழு சதவீதம் குறைவாகக் காட்டுகிறது என்று வந்திருக்கும்!

அந்த இரண்டு எண்களும் இரண்டு மின்னழுத்தங்களுக்கானவை. 220 வோல்ட்டில் 1850 வாட், 240-இல் 2200 வாட். சூடேற்றும் கம்பி இழுக்கும் வாட் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால்தான் வோல்ட் கொஞ்சம் கூடினாலும் வாட் நிறையக் கூடுகிறது. சிங்கப்பூரில் பெயரளவில் 230 வோல்ட் என்றாலும் உங்கள் சாக்கெட்டில் அந்த நேரத்தில் என்ன வருகிறதோ அதுதான் கணக்கு. போதாததற்கு, கம்பியைத் தயாரிக்கும்போதே சில சதவீதம் முன்பின் இருக்கும். ஆகவே லேபிளை நம்பிச் சோதிக்காதீர்கள். சுவர்ச் சாக்கெட்டுக்கும் கெட்டிலுக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். அது 13 ஆம்பியர் வரை தாங்குவதாக இருக்க வேண்டும்.

என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். மீட்டர் முகத்தில் 1000 imp/kWh என்று இருந்தது. ஆயிரம் சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டர்களில் 1600, 3200 என்றும் இருக்கும். இரண்டு விளக்குகள் இருந்தால் imp/kWh என்று எழுதியதைத்தான் பார்க்க வேண்டும். மற்றது kvarh, நமக்கு வேண்டாம்.

சமையலறைச் சாக்கெட்டைத் தவிர எல்லா சுவிட்ச்சையும் டிபி பெட்டியில் அணைத்தேன். பிரிட்ஜ் அதே சாக்கெட் வரிசையில் இருந்ததால் அதன் பிளக்கையும் பிடுங்கினேன். பத்து நிமிடம் ஒரு சிமிட்டல்கூட இல்லை. அப்படியானால் மிச்சமிருக்கும் சுமை 6 வாட்டுக்கும் குறைவு, விட்டுவிடலாம். உங்கள் வீட்டில் தொடர்ந்து சிமிட்டினால் அதையும் நேரம் பார்த்து, கடைசி விடையில் கழித்துவிடுங்கள். மெயின் சுவிட்ச்சையே அணைத்த பிறகும் சிமிட்டுகிறதா? அப்போது நீங்கள் பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காரிடார் பெட்டியில் நாலைந்து மீட்டர் வரிசையாக இருக்கும், சகஜம்தான். பில்லில் உள்ள மீட்டர் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பிறகு 1.7 லிட்டர் கெட்டிலை நிறைத்துப் போட்டேன். அரைக் கெட்டில் என்றால் எண்ணி முடிப்பதற்குள் கொதித்து அணைந்துவிடும். மீட்டர் முன் கைப்பேசியை வைத்து ஸ்லோ மோஷனில் பதிவு செய்தேன். சிமிட்டல் மிகக் குறுகியது, சாதாரண வீடியோவில் ஒன்றிரண்டு தவறிப்போகலாம். வாட் மீட்டரில் 234 வோல்ட், 2035 வாட் நிலையாக நின்றது. நூறு சிமிட்டலுக்கு 176 வினாடி.

```
W = 3600000 × N ÷ (K × t)
  = 3600000 × 100 ÷ (1000 × 176)
  = 2045
```

N சிமிட்டல் எண்ணிக்கை, K மீட்டரில் எழுதிய எண், t வினாடி. வித்தியாசம் 10 வாட், அதாவது அரை சதவீதம். மலிவான வாட் மீட்டரே ஓரிரு சதவீதம் தவறலாம் என்பதால் இதைவிட நுணுக்கமாக எதையும் சொல்ல முடியாது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் எண்ணிக்கை. கடிகாரத்தைத் தட்டும் முதல் சிமிட்டல் ஒன்றல்ல, பூஜ்ஜியம். இருபது சிமிட்டல் மட்டும் எண்ணி முதலாவதை ஒன்று என்று வைத்தால், மீட்டர் ஐந்து சதவீதம் வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். அதோடு முதல் ஐம்பதுக்கும் அடுத்த ஐம்பதுக்கும் தனித்தனியாக நேரம் பாருங்கள். அரை வினாடிக்கு மேல் வேறுபட்டால் நடுவில் ஏதோ ஓடத் தொடங்கியிருக்கலாம், இல்லை வோல்ட் மாறியிருக்கலாம், மறுபடி செய்யுங்கள். இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாம் சூடானதும் தானாக விட்டுவிட்டு ஓடும். ஏர்கானும் தன் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எனவே அவை இந்தச் சோதனைக்கு உதவாது.

மூன்று முறை செய்தும் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்தால், வீடியோவையும் எண்களையும் எடுத்துக்கொண்டு எஸ்பி குழுமத்திடம் மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சீலை நீங்களே தொடாதீர்கள். ஒன்றரை, இரண்டு சதவீதம்தான் வருகிறதென்றால் மீட்டரை விட்டுவிட்டு, இதே சிமிட்டலை வைத்து ராத்திரியில் எல்லோரும் தூங்கியபின் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். நாலறை வீட்டில் பில் ஏறினால் நான் முதலில் சந்தேகப்படுவது அணைக்க மறந்த ஸ்டோரேஜ் ஹீட்டரைத்தான்.